இன்னும் மூணு மணி நேரத்தில் ஷிஃப்ட்: கூட வேலை செய்பவரை எப்படிக் கேட்பது?

கேள்வி: மணலி பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லர் அட்டெண்டன்ட். ஏ, பி, சி மூணு ஷிஃப்ட்டும் மாறி மாறி வரும், மொத்தம் நாலு பேர். வீட்டில் திடீர்னு ஒரு அவசரம் வந்தா அன்னைக்கு ஷிஃப்ட்டைப் பார்க்கச் சொல்லி மத்தவங்களை எப்படிக் கேக்கறது? போன தடவை வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், யாருமே பதில் சொல்லல. கடைசியில ஏ ஷிஃப்ட் அண்ணன் டபுள் பார்த்துட்டு ஒரு வாரம் பேசவே இல்ல.

பதில்: அந்த அண்ணனின் கோபத்திலிருந்தே தொடங்கலாம். உங்கள் வேலையில் அடுத்தவர் வராமல் இருப்பவர் எழுந்து போக முடியாது. எரிகிற பாய்லரைச் சான்றிதழ் இல்லாதவரிடம் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது விதி. ஹெல்பர் எத்தனை வருடம் பழகியவராக இருந்தாலும் அவரிடம் ஒப்படைக்க முடியாது. ஆகவே நீங்கள் குரூப்பில் போட்ட அந்த நிமிடமே ஏ ஷிஃப்ட் அண்ணன் மாட்டிக்கொண்டார். மற்ற இருவருக்கும் அது ஒரு வேண்டுகோள். அவருக்கு மட்டும் அது தீர்ப்பு, அதுவும் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் வந்த தீர்ப்பு. இரண்டு மணிக்கு வீட்டுக்குக் கிளம்ப நினைத்தவர் ராத்திரி பத்து வரை இருந்திருக்கிறார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி அவருக்கே ஏ ஷிஃப்ட் என்றால், வீட்டுக்குப் போய் வரும் நேரம் போகத் தூங்கக் கிடைத்தது ஐந்து மணி நேரம்கூட இருந்திருக்காது.

அதனால் போனைக் கையில் எடுக்கும் முன் ஐந்து நிமிடம் செலவழித்து, மூன்று பேரும் இந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கடைசியாக எப்போது தூங்கினார், அடுத்து எப்போது வேலைக்கு வர வேண்டும், இந்த ஷிஃப்ட்டையும் சேர்த்தால் தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஆகிறது. யாரைக் கேட்பது, எத்தனை மணிக்குக் கேட்பது, எவ்வளவு நேரத்துக்குக் கேட்பது எல்லாமே இந்தக் கணக்கிலிருந்துதான் வரும்.

ஒரு நாளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். வியாழக்கிழமை. உங்களுக்கு பி ஷிஃப்ட், மதியம் 2 முதல் இரவு 10 வரை. காலை 10:40க்கு அம்மா வழுக்கி விழுந்து, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டிய நிலை. எக்ஸ்ரே, வரிசை, டாக்டர் எல்லாம் முடிய ராத்திரி ஆகிவிடும்.

ஏ ஷிஃப்ட் அண்ணன் காலை நாலரைக்கு எழுந்து ஆறு மணிக்கு வந்தவர். பி ஷிஃப்ட்டையும் அவரே பார்த்தால் மொத்தம் 16 மணி நேரம். சி ஷிஃப்ட் பார்த்தவர் இன்று காலை ஆறு மணிக்கு முடித்து, ஏழரை வாக்கில் படுத்திருப்பார். இன்று ராத்திரி 10 மணிக்கு மறுபடி அவருடைய முறை. பி ஷிஃப்ட்டையும் அவர் தலையில் கட்டினால் அவருக்கும் 16 மணி நேரம், அதுவும் நடு ராத்திரியைத் தாண்டி விடியும் வரை. நாலாவது ஆளுக்கு இன்று வீக் ஆஃப். உடம்புக் கணக்கில் இவர்தான் சரியானவர். ஆனால் வாரத்தில் அவருக்கு இருக்கும் ஒரே நாள் இது. தங்கச்சி வீட்டுக்குப் பொன்னேரிக்குக் கிளம்பியிருக்கலாம். அதனால் முதலில் கேட்க வேண்டியவர் இவர், எளிதாக மறுக்க வழிவிட்டுக் கேட்க வேண்டியவரும் இவரே.

இவருக்கு முன்னால் இன்னொரு போன் இருக்கிறது. ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு உடனே சொல்லுங்கள். ஆளைப் பிடித்த பிறகு சொல்லலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள், அது தப்பு. ஓவர்டைமுக்கு அனுமதி கொடுப்பவர் அவர். ஒருவரும் கிடைக்காவிட்டால் ஆவி லோடைக் குறைப்பதா, பாய்லரை நிறுத்துவதா என்று முடிவு எடுக்க வேண்டியவரும் அவர். அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். பேச்சு இவ்வளவு போதும்: “சார், அம்மா விழுந்துட்டாங்க, ஸ்டான்லிக்குக் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு பி ஷிஃப்ட்டுக்கு வர முடியாது. ரிலீவருக்கு நான் பேசறேன், யாருன்னு பதினொன்றரைக்குள்ள சொல்றேன்.” ‘வர லேட் ஆகும்’, ‘ட்ரை பண்றேன் சார்’ என்று இழுக்காதீர்கள். ‘ட்ரை பண்றேன்’ என்று நீங்கள் சொன்னால் அவர் உங்களை நம்பி உட்கார்ந்திருப்பார், ஒன்றரை மணிக்குத்தான் ஓடத் தொடங்குவார்.

அடுத்தது வீக் ஆஃபில் இருப்பவர். மெசேஜ் வேண்டாம், போன் செய்யுங்கள். குரூப்பில் போட்டதற்குப் பதில் வராததில் ஆச்சரியமே இல்லை. நாலு பேரைப் பார்த்துக் கேட்டால் அது யாரையும் கேட்டதாக ஆகாது. யாராவது ஒருவர் சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். முடியும் என்று நினைப்பவருக்கும் ஒரு பயம் உண்டு: இன்சார்ஜ் பார்க்கிற இடத்தில் ஒரு தடவை தலையாட்டினால் அடுத்த தடவையும் நம்மையே கூப்பிடுவார்கள்.

போனில் ‘சும்மாத்தான் இருக்கீங்களா?’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் ‘ஆமாம்பா’ என்று சொன்ன பிறகு விஷயத்தைச் சொன்னால் அது கண்ணி வைத்துப் பிடித்த மாதிரி இருக்கும். முதல் வாக்கியத்திலேயே கேட்க வந்ததைச் சொல்லிவிடுங்கள்:

“அண்ணா, உங்க ஆஃப் நாள்ல கூப்பிடறேன், மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு என்னோட பி ஷிஃப்ட், ரெண்டுல இருந்து பத்து வரைக்கும், நீங்க பார்க்க முடியுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். அம்மா விழுந்துட்டாங்க, ஸ்டான்லிக்குப் போயிட்டிருக்கேன். இன்சார்ஜ்கிட்ட சொல்லிட்டேன். நான் லீவு போட்டுக்கறேன், உங்களுக்கு ஓ.டி. எழுதிடுவாங்க. இல்ல, பதிலுக்கு ஷிஃப்ட்டா வேணும்னா வர்ற ஞாயிறு சி ஷிஃப்ட்டோ அடுத்த புதன் ஏ ஷிஃப்ட்டோ நான் உங்களுக்குப் பார்க்கறேன். முடியலன்னா தயங்காம சொல்லிடுங்க. பதினொன்னே கால்க்குள்ள தெரிஞ்சா அடுத்த வழி பார்த்துடுவேன்.”

இதில் காரணம் ஒரே வரி என்பதைக் கவனியுங்கள். கேட்பவருக்கு நிலைமை தெரிந்தால் போதும். எந்த எலும்பு, எவ்வளவு வீக்கம், போன மாதம் என்ன நடந்தது என்று அடுக்கினால், மறுத்தால் நாம் கல்நெஞ்சுக்காரன் ஆகிவிடுவோமோ என்று அவர் தவிப்பார். பொய்க் காரணம் அறவே வேண்டாம். தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே உங்களை யார் எங்கே பார்ப்பார்கள் என்று சொல்லவே முடியாது. ஒரு தடவை பொய் வெளிப்பட்டால் அடுத்த உண்மையான அவசரத்துக்கு ஆள் கிடைக்காது.

பதிலுக்கு என்ன தருவீர்கள் என்பதில் கொஞ்சம் நிதானம் தேவை. மனக்கசப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைக்கிறது. இரண்டு விதமான ஏற்பாடு உண்டு. ஒன்று, நீங்கள் லீவு, அவருக்கு ஓவர்டைம். வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். கம்பெனி அதைக் கொடுத்துவிட்டால் நீங்கள் அவருக்கு ஷிஃப்ட் கடன்படவில்லை, நன்றி மட்டும்தான் பாக்கி. இன்னொன்று, மாற்றிக்கொள்வது. இன்று உங்கள் ஷிஃப்ட்டை அவர், ஞாயிறு அவர் ஷிஃப்ட்டை நீங்கள். இதில் உங்களுக்கு லீவு போகாது. அவருக்கு ஓ.டி. கிடைக்குமா என்பதை அந்த வாரத்தில் அவருடைய மொத்த மணி நேரம் எவ்வளவு என்று பார்த்து இன்சார்ஜிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த ஏற்பாடு என்று கேட்கும்போதே பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால், அவர் ‘நமக்கு ஒரு ஷிஃப்ட் வர வேண்டும்’ என்று நினைத்துக்கொண்டிருப்பார், நீங்கள் ‘ஓ.டி. வாங்கிட்டாரே’ என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு மாதம் கழித்து அது வேறு ஏதோ ஒரு சின்ன விஷயத்தில் வெடிக்கும்.

‘எப்ப வேணா பார்க்கறேண்ணா’ என்பதும் வெறும் வாய்வார்த்தைதான். தேதி சொல்லுங்கள், இரண்டு சொல்லுங்கள், அவர் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். எடையும் சரியாக இருக்க வேண்டும். ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தால் அதற்குச் செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட் ஈடாகாது. கிறிஸ்துமஸ் ராத்திரியோ ரம்ஜான் காலையோ அவருக்கு முக்கியம் என்றால், அந்த நாளை நீங்களாகவே எடுத்துக்கொள்வதாகச் சொல்வது பெரிய மரியாதை.

இனி பதில். ‘பார்க்கறேம்பா’ என்று வந்தால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்றால் மட்டும் நீங்கள் சொன்ன நேரம் வரை காத்திருக்கலாம். அதற்கு மேல் வற்புறுத்தாதீர்கள். “பரவாயில்லண்ணா, நான் வேற வழி பார்த்துக்கறேன், நீங்க வீட்டைப் பாருங்க” என்று நீங்களே கதவைச் சாத்திவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் கேட்டுவிட்டு இரண்டு பேரும் கிளம்பி வந்து நிற்பதும் நடக்கும். நேரம் இருக்கும்போது ஒவ்வொருவராகக் கேளுங்கள். ஷிஃப்ட்டுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இருவரையும் கேட்கலாம், ஆனால் இன்னொருவரையும் கேட்டிருப்பதை இருவருக்கும் சொல்லிவிட வேண்டும்.

வீக் ஆஃப் அண்ணன் பொன்னேரியில் இருக்கிறார், முடியவில்லை. இப்போது மணி 11:10. இந்த இடத்தில் பலர் ஏ ஷிஃப்ட் அண்ணனிடம் முழு டபுள் கேட்பார்கள். அதைவிட நல்ல வழி, ஷிஃப்ட்டை நடுவே வெட்டிவிடுவது. ஏ ஷிஃப்ட் அண்ணன் மாலை 6 வரை இருக்கிறார். சி ஷிஃப்ட்காரர் இரவு 10க்குப் பதில் 6 மணிக்கே வருகிறார். ஆளுக்கு நாலு மணி நேரம் கூடுதல், இருவருக்கும் 12 மணி நேரம், யாருக்கும் 16 இல்லை. ஏ ஷிஃப்ட் அண்ணன் ஏழு, ஏழரைக்கு வீடு சேர்ந்து சாப்பிட்டுப் படுக்கலாம். இதற்கும் இன்சார்ஜ் அனுமதி வேண்டும், ஏனென்றால் இரண்டு பேருக்கும் ஓ.டி. எழுத வேண்டியிருக்கும். 12 மணி நேரமே உடம்புக்குக் கனம்தான். வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் அதே ஆளிடம் இதைக் கேட்பது நியாயமில்லை.

இந்த வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏ ஷிஃப்ட் அண்ணன் ‘ஆறு வரைக்கும் சரி’ என்று சொல்லிவிட்டு, சி ஷிஃப்ட்காரர் மறுத்துவிட்டால், அண்ணன் பத்து வரை மாட்டிக்கொள்வார். அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள்: “ஆறு மணிக்கு சி ஷிஃப்ட் அண்ணனைக் கேக்கப் போறேன், அவர் இன்னும் சொல்லல. அவர் முடியாதுன்னா ஆறு மணிக்கு மேல என்னன்னு இன்சார்ஜ் முடிவெடுப்பார், அதையும் அவர்கிட்ட பேசிட்டேன்.” இதைச் சொல்லும் முன் இன்சார்ஜிடம் உண்மையிலேயே பேசியிருக்க வேண்டும். ஏ ஷிஃப்ட் அண்ணன் அந்த நேரத்தில் பாய்லர் முன்னால் நிற்பவர், ப்ளோ டவுன் கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே “அண்ணா, ரெண்டு நிமிஷம் பேசலாமா, இல்ல நீங்க ஃப்ரீயானதும் கூப்பிடறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

அவர் எதைத் தயாராகக் கொண்டுவரவில்லை என்பதையும் யோசியுங்கள். மதியச் சாப்பாடு மட்டும்தான் டப்பாவில் இருக்கும். மாலைக்கு கேன்டீனில் டிபன் சொல்லச் சொல்லி இன்சார்ஜிடம் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுப்பவராக இருந்தால் சாயங்கால மாத்திரை வீட்டில்தான் இருக்கும். நாற்பதைத் தாண்டியவரிடம் “மாத்திரை கையில இருக்கா அண்ணா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வழக்கமாக இரண்டு மணி கம்பெனி பஸ்ஸில் போகிறவரா? ஆறு மணிக்கு அந்த பஸ் இருக்காது. ஷேர் ஆட்டோவோ நண்பரின் பைக்கோ, திரும்பிப் போக என்ன வழி என்று பேசி, அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும் மாலை என்றால், 6 மணிக்கு வர வேண்டிய சி ஷிஃப்ட்காரர் அரை மணி முன்னதாகக் கிளம்ப வேண்டும். அதையும் சொல்லிவையுங்கள்.

சி ஷிஃப்ட்காரர் விஷயத்தில் நேரம்தான் முக்கியம். காலை ஏழரைக்குப் படுத்தவரைப் பதினொன்றரைக்கு எழுப்பினால் நாலு மணி நேரத்திலேயே தூக்கம் கெடும். அதற்காக நாலரை மணி வரை காத்திருப்பதும் அவருக்கு உதவாது. அப்போது அவர் எழுந்து வீட்டு வேலையில் இறங்கியிருப்பார், மதியம் கூடக் கொஞ்சம் தூங்கும் வாய்ப்பு போய்விட்டிருக்கும். 11:15க்கு மெசேஜ் ஒன்று போட்டுவிடுங்கள். அவர் பார்க்கவில்லை என்றால் பன்னிரண்டரை வாக்கில் ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். அப்போது தெரிந்துகொண்டால் நாலரை வரை மறுபடி தூங்க அவருக்கு நேரம் இருக்கிறது. மெசேஜ் இப்படி இருக்கலாம்:

“அண்ணா வணக்கம். இன்னைக்கு (வியாழன்) என் பி ஷிஃப்ட்டுக்கு வர முடியல, அம்மாவோட ஸ்டான்லியில் இருக்கேன். மாலை 6 வரை ஏ ஷிஃப்ட் அண்ணன் பார்க்கறார். நீங்க 10க்குப் பதில் 6க்கு வர முடியுமா? 4 மணி நேரம் ஓ.டி., இன்சார்ஜ் சரின்னுட்டார். தூங்கி எழுந்ததும் சரி / முடியாது, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. பதில் வரலன்னா 12:30க்கு ஒரு தடவை கூப்பிடறேன்.”

கிழமையும் மணியும் எழுத்தில் இருப்பது அவசியம். ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு ‘இன்னைக்கு ராத்திரி’, ‘நாளைக்கு’ என்பதெல்லாம் சட்டென்று குழம்பும். வியாழன் இரவு 10க்குத் தொடங்கும் ஷிஃப்ட் முடிவது வெள்ளி காலை. அவர் சம்மதித்ததும் “வியாழன் மாலை 6 முதல் வெள்ளி காலை 6 வரை நீங்க, சரிதானே அண்ணா?” என்று ஒரு வரி திருப்பிக் கேளுங்கள். அந்த வரியையே இன்சார்ஜுக்கும் அனுப்பிவிடுங்கள்.

பொறுப்பு கைமாறும் விஷயமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நேற்று பி ஷிஃப்ட்டில் நீங்கள் பார்த்த ஏதோ ஒன்று உங்கள் தலையில் மட்டும் இருக்கும். “ரெண்டாம் நம்பர் ஃபீட் பம்ப் கிளாண்ட்ல சொட்டுது, ஒண்ணாம் நம்பர்ல ஓட்டுங்க, மெயின்டனன்ஸ் நாலு மணிக்கு வர்றதா சொன்னாங்க” என்று இருவருக்கும் எழுதுங்கள். ஷிஃப்ட்டை வெட்டியதால் அன்று ஒரு கைமாற்றம் கூடுகிறது: ஆறு மணிக்கு. இருவரும் சேர்ந்து கேஜ் கிளாஸை ப்ளோ செய்து பார்க்கட்டும். வடிகாலை மூடியதும் தண்ணீர் சட்டென்று ஏறி பழைய மட்டத்துக்கு வர வேண்டும். மெதுவாக ஏறினால் வழியில் அடைப்பு இருக்கிறது, கண்ணாடியில் தெரிகிற மட்டத்தை நம்பக் கூடாது. 12 மணி நேரம் நின்றவர் ‘எல்லாம் ஓகே’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் ஆறு மணியில்தான் இது விட்டுப்போகும். லாக் புக்கில் ‘18:00’ என்று தனி வரி, இருவர் கையெழுத்து. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை சி ஷிஃப்ட்காரருக்குக் கண் சொக்கும் நேரம், அன்று அவருக்கு அது எட்டாவது மணி நேரத்தைத் தாண்டிய வேலை. ஹெல்பரை அந்த நேரத்தில் வேறு பக்கம் அனுப்ப வேண்டாம் என்று இன்சார்ஜிடம் சொல்லிவையுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. ‘என் கார்டை நீ பஞ்ச் பண்ணிடு’ என்று இன்சார்ஜுக்குத் தெரியாமல் தங்களுக்குள் முடித்துக்கொள்வது. உங்கள் பேரில் வேறொருவர் நிற்கும்போது அவருக்குக் கையில் சூடு பட்டாலும், அந்த நேரத்தில் அவர் வேலையில் இருந்ததாகவே பதிவு இருக்காது. இ.எஸ்.ஐ. கோரிக்கையிலிருந்து விசாரணை வரை எல்லாம் சிக்கலாகும். உங்களுக்கு உதவ வந்தவரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள். புதிதாகச் சான்றிதழ் வாங்கி கான்ட்ராக்டில் இருக்கும் தம்பியைக் கேட்பதிலும் கவனம் வேண்டும். சீனியர் நீங்கள் கேட்டால் அவன் ‘முடியாது’ என்று சொல்ல மாட்டான், இரண்டு நாள் தூங்காதவனாக இருந்தாலும் தலையாட்டுவான். அவனை இன்சார்ஜ் மூலமாகக் கேட்கச் சொல்லுங்கள், “நேத்து எப்ப தூங்கின?” என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்று பேரும் முடியாது என்றால்? உங்கள் கடமை, நேரத்தோடு தெளிவாகச் சொல்வது. பாய்லருக்கு ஆள் போடுவது நிர்வாகத்தின் பொறுப்பு. “சார், மூணு பேரையும் கேட்டுட்டேன், ஒருத்தராலயும் முடியல, என்னாலயும் வர முடியாது” என்று பன்னிரண்டே முக்காலுக்குச் சொல்லிவிட்டால் இன்சார்ஜுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு போனை அணைத்துவிடுவதுதான் பெரிய தீங்கு. ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க விழித்துவிட்டு மறுநாள் பாய்லர் முன்னால் வந்து நிற்பதும் அதே அளவு ஆபத்து. வெள்ளிக்கிழமையும் தேவைப்படும் என்று தோன்றினால் வியாழன் மாலையே சொல்லிவிடுங்கள்.

ஆறே கால் மணிக்கு இருவருக்கும் ஆளுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: ஏ ஷிஃப்ட் அண்ணனிடம் கிளம்பிவிட்டாரா என்று, சி ஷிஃப்ட்காரரிடம் வந்து சேர்ந்துவிட்டாரா என்று. அதற்கு மேல் வேலை நேரத்தில் அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அடுத்து நீங்கள் ஷிஃப்ட்டுக்குப் போகும் நாளில் இருபது நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள். ஓ.டி. மணி நேரம் இருவர் பேரிலும் ஏறியிருக்கிறதா என்று மாத இறுதிக்கு முன் டைம் ஆபீஸில் நீங்களே போய்ப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அதைக் கேட்டுச் சரிசெய்ய வேண்டியவரும் நீங்கள்தான். போன தடவை டபுள் பார்த்த அந்த அண்ணனுக்கு ஓ.டி. கிடைக்கவில்லை என்றால் இன்னும் ஒரு ஷிஃப்ட் பாக்கி இருக்கிறது. அவர் கேட்கும் வரை காத்திருக்காமல், இந்த வாரமே இரண்டு தேதியோடு அவரிடம் போங்கள்.